செய்திக்கு ஏஐ படம்: குறிப்பு போட்டால் போதுமா?

கொலம்பியாவில் 2021இல் நடந்த நாடு தழுவிய போராட்டத்தில் போலீஸ் நடத்திய வன்முறையை நினைவூட்ட, 2023இல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் சமூக ஊடகத்தில் சில படங்களைப் போட்டது. அதில் ஒன்றில் நாட்டுக் கொடியைப் போர்த்திய ஒரு பெண்ணைப் போலீசார் இழுத்துப் போகிறார்கள். பார்த்தால் புகைப்படம் போலவே இருக்கும், ஆனால் ஏஐ உருவாக்கியது. அதைச் சொல்லும் ஒரு வரியும் படத்தோடு இருந்தது. அப்படியும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், கடைசியில் ஆம்னஸ்டி படங்களை நீக்கிவிட்டது.

ஆம்னஸ்டி செய்தி நிறுவனம் இல்லைதான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் எந்தச் செய்தி அறையிலும் எழக்கூடியது: உண்மைப் படத்தைப் போட்டால் போராடியவர்கள் அடையாளம் தெரிந்து பழிவாங்கப்படுவார்கள். நியாயமான கவலை. அதற்கு எந்த வழி சரி என்பதுதான் கேள்வி.

முதல் வழி, அவர்கள் செய்ததே: புகைப்படம் போன்ற ஏஐ படம், கூடவே ஒரு குறிப்பு. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் முகங்கள் மழுங்கிக் கோணியிருந்தன. கொடியில் மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றும் இருந்தும் வரிசை தப்பு. போலீஸ் சீருடையும் பழையது. கொலம்பியாக்காரர் எவரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அடக்குமுறை நடக்கவே இல்லை என்று சொல்ல விரும்புகிறவருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? 'படமே பொய், அப்போ செய்தியும் பொய்' என்று முடித்துவிடுவார். குறிப்பு இருந்தது என்பது அங்கே எடுபடாது.

இரண்டாவது வழி, உண்மைப் படத்தையே எடுத்து முகங்களை மறைப்பது. 2021இல் அங்கே தெருவில் நின்று படமெடுத்தவர்கள் ஏராளம். பின்பக்கமிருந்து எடுத்தது, நிழலுருவமாக விழுந்தது என்று தேடினால் கிடைக்கும். லேசாக மங்கலாக்கினால் போதாது, முகத்தின் மேல் கெட்டியாக நிறத்தையே பூசிவிட வேண்டும்; பச்சை குத்தியது, சட்டை எழுத்து, வண்டி எண் இதையெல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் மறைத்த இடம் மறைத்ததாகவே தெரியும், மீதி எல்லாம் நடந்தது. என் ஓட்டு இதற்குத்தான்.

படமே இல்லாத இடத்தில், உதாரணமாகக் காவல் நிலையத்துக்குள் நடந்தது என்றால், ஓவியரை வைத்து வரையலாம். கோட்டோவியத்தை யாரும் புகைப்படமென்று நினைக்க மாட்டார்கள், எத்தனை பேர் கை மாறினாலும்.

இன்னொரு வழியும் சத்தமில்லாமல் நடக்கிறது: உண்மைப் படத்தை எடுத்து, அளவு போதவில்லை என்று ஓரத்தை ஏஐ மூலம் நீட்டுவது. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நைன் நியூஸ், விக்டோரியா மாநிலப் பெண் எம்.பி. ஜார்ஜி பர்செலின் படத்தை ஒளிபரப்பியபோது அவர் உடையும் உடலும் மாறியிருந்தன. போட்டிருந்த உடுப்பு வயிறு தெரியும் இரண்டு துண்டாக ஆகியிருந்தது. ஃபோட்டோஷாப் மென்பொருள் தானாகச் செய்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். மனிதர் ஒப்புதல் இல்லாமல் அப்படி நடக்காது என்றது அந்த மென்பொருளைத் தயாரிக்கும் அடோபி. நாலு வழியில் இதுதான் மோசம், ஏனென்றால் 'அளவுதானே மாற்றினோம்' என்ற நினைப்பில் குறிப்பு போடவே யாருக்கும் தோன்றாது.

சரி, பருவநிலை, சைபர் மோசடி மாதிரி ஆளும் இடமும் குறிப்பிட்டுச் சொல்லாத விளக்கக் கட்டுரைக்கு ஏஐ படம் போட்டே ஆக வேண்டும் என்றால் குறிப்பை எங்கே வைப்பது? படத்துக்குக் கீழே ஒரு வரியாகப் போட்டால் பக்கத்துக்குள் வந்தவருக்கு மட்டும்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் இணைப்பு போகும்போது பக்கத்தின் `og:image` குறிச்சொல்லில் கொடுத்த முன்னோட்டப் படமும் தலைப்பும் சிறு விவரமும்தான் போகும், கீழ்வரி போகாது. கோப்பின் உள்ளே, ஏஐ உருவாக்கியது என்பதைக் குறிக்கும் `trainedAlgorithmicMedia` என்ற சொல்லைப் பதிவது நல்ல பழக்கம், தேடுபொறிக்கும் சரிபார்ப்பவருக்கும் உதவும். ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போச்சு.

ஆகவே எழுத்து படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அதுவும் ஓரத்தில் இல்லை. 1200×630 அளவில் படம் செய்கிறீர்கள் என்றால், சின்ன முன்னோட்டத்தில் சதுரமாக வெட்டும்போது இரு பக்கமும் 285 பிக்சல் போய்விடும். மூலையில் அழகாக வைத்த குறிப்பு முதலில் போவது அப்படித்தான். நடுவிலுள்ள 630 பிக்சலுக்குள் வையுங்கள், கட்டைவிரல் அளவில் பார்த்தாலும் படிக்க முடிகிறதா என்று போனில் பாருங்கள். வாசகமும் 'மாதிரிப் படம்' என்று இருக்கக் கூடாது. பழைய கோப்புப் படத்துக்கும் நாம் அதைத்தானே போடுகிறோம். 'ஏஐ உருவாக்கிய படம், உண்மை நிகழ்வு அல்ல' என்று முழுசாகவே எழுதலாம். அவ்வளவு பெரிய எழுத்து படத்தைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பாளர் சொன்னால், படத்தை எடுத்துவிட்டு வெறும் தலைப்போடு போடுங்கள்.