தொட்டி வால்வு: வார்ப்புப் பித்தளையா, ஃபோர்ஜிங்கா, கன்மெட்டலா?

மாடித் தொட்டிக்கு ஒரு இன்ச் வால்வு கேட்டால் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும்: விலை குறைந்த வார்ப்புப் பித்தளை கேட் வால்வு, சூடாக்கி அச்சில் அழுத்தி எடுத்த ஃபோர்ஜிங் பித்தளை பால் வால்வு, கன்மெட்டல் கேட் வால்வு. எதை வாங்குவது என்பதை முதலில் தண்ணீரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். உப்புப் போர்த் தண்ணீர் அசையாமல் நின்றால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, சிவந்த செம்பு மட்டும் துளைதுளையாக மிஞ்சும். வெளியே வெள்ளை மாவு பூத்திருக்கும். உடைந்த இடத்தில் மஞ்சளுக்குப் பதில் செம்புச் சிவப்பு தெரியும். கேட் வால்வில் முதலில் போவது பெரும்பாலும் பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டில். பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் நிற்காது.

ஃபோர்ஜிங் வால்வில் வார்ப்பு ஓட்டைகள் கிடையாது, உடல் வலுவானது. ஆனால் அதிலும் துத்தநாகம் 40 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதனால் உப்புத் தண்ணீர் அரிப்புக்கு 'ஃபோர்ஜிங்' என்ற சொல் எந்த உத்தரவாதமும் தராது. கன்மெட்டலில் செம்பு சுமார் 85 சதவீதம், துத்தநாகம் 5, வெள்ளீயமும் சேர்ந்திருக்கும். அரிப்பை நன்றாகத் தாங்கும். உடல் கன்மெட்டல், ஸ்பிண்டில் சாதாரணப் பித்தளை என்றும் விற்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

விரிசல் வேறு கதை. ஜிஐ பைப்பின் மரை கூம்பு வடிவம். டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றி, பெரிய ரெஞ்சால் இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கினால், வால்வின் வாய் உள்ளிருந்து விரிந்து அந்த இழுவிசையிலேயே நிற்கும். அன்று ஒழுகாது. சில மாதம் கழித்து வாயிலிருந்து நீளவாக்கில் ஒரு கோடு விடும். அம்மோனியா பட்டால் இன்னும் சீக்கிரம்: அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டதற்கும் இழுவிசையும் அம்மோனியாவும் சேர்ந்த இதே கூட்டுதான் காரணம். அம்மோனியா எழும் மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருக்கும் குழாய்க்கு இதை நினைவில் வையுங்கள்.

கடையில் பிடியைப் பார்க்காமல் வாயைப் பாருங்கள். மரைக்குப் பின்னால் எவ்வளவு சுவர் மிஞ்சுகிறது? இரண்டு வால்வை அருகருகே வைத்தால் மெல்லியது உடனே தெரியும். பூச்சு ஏறாத உள்மரை மஞ்சளாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால் அது பித்தளை அல்ல, துத்தநாகக் கலவை, வேண்டாம். காந்தம் இதைக் காட்டாது, இரண்டிலுமே ஒட்டாது. ஆனால் பால் வால்வின் உருண்டையில் காந்தம் ஒட்டினால், அது பூச்சுப் போட்ட இரும்பாக இருக்கலாம். உப்புத் தண்ணீரில் துருவேறி இறுகிவிடும். கேட் வால்வின் உடலில் ஐஎஸ் 778 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டிக்குக் கன்மெட்டல்தான், கூடுதல் விலை தகும். நல்ல தண்ணீர் வரும் வீட்டில், சுவர் தடித்த ஃபோர்ஜிங் பால் வால்வு போதும். அப்புறம், பிளம்பர் இறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.