மதுரையில அம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் போனப்ப நடந்தது

டொரண்டோல இருந்து ஊருக்கு வர்றப்ப அம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆயிருந்துச்சு. போன்ல கேட்டதவிட நேர்ல குரல் ரொம்ப மோசம், வெறும் காத்தா வருது, ஒரு வாக்கியம் பேசி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில டியூப் போட்டதால தொண்டை வீங்கியிருக்கு, வெந்நீர்ல கொப்பளிங்கன்னு அனுப்பிட்டாங்க. டியூப் வீக்கம்னா பொதுவா சில நாள்ல, மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு வாரத்துல குறைஞ்சிடும், இங்க குறையவே இல்ல.

எனக்கு குரலவிட பயமா இருந்தது தண்ணி. சோறு, இட்லி எல்லாம் இறங்குது, ஒரு மடக்கு தண்ணி குடிச்சா உடனே புரை ஏறுது. சித்தி "யாரோ நினைக்கிறாங்க"ன்னு தலைய தட்டிட்டு போயிட்டாங்க. ஆனா இருமல்ல வேகமே இல்ல, செருமி வெளிய தள்ள முடியல.

வேற ஒரு ஈஎன்டி டாக்டர்கிட்ட அன்னைக்கே ஓபில பாத்துட்டோம். மூக்கு வழியா மெல்லிசான ஸ்கோப் விட்டு ஸ்க்ரீன்ல காட்டினாரு, "ஈ"ன்னு சொல்லச் சொன்னா குரல் நாண்னு சொல்ற வோக்கல் கார்டுல வலது நடுவுக்கு வருது, இடது அசையாம ஓரமா நிக்குது, நடுவுல இடைவெளி. தைராய்டுக்கு பின்னாடியே ஒட்டி போற நரம்புதான் அந்த கார்ட அசைக்குது, ஆபரேஷன்ல அது இழுபட்டாலோ சூடு பட்டாலோ இப்படி ஆகும், அறுபடாம இருந்தா திரும்பி வர ஆறு மாசம், ஒரு வருஷம் கூட ஆகலாம்னாரு. அம்மாவுக்கு ஒரு பக்கம்தான், ரெண்டு பக்க கார்டும் அசையாம நடுவுல நின்னுபோனா குரல் ஓரளவு இருக்கும், மூச்சு விடறப்ப விசில் மாதிரி சத்தம் வரும், அது எமர்ஜென்சி.

அப்ப ஆறு மாசம் சும்மா இருக்கணுமான்னு கேட்டேன். புரை ஏறலன்னா பொறுக்கலாம், இவங்களுக்கு தண்ணி நுரையீரலுக்கு போய் நிமோனியா வரலாம், அதனால இப்பவே தற்காலிக ஊசி போடலாம்னாரு. மயக்க மருந்து இல்ல, தொண்டைய மரத்துப்போக வச்சு, ஸ்கோப்ல பாத்துக்கிட்டே கழுத்து வழியா ஊசி விட்டு, அசையாத கார்டுல ஹயலுரோனிக் ஜெல் கொஞ்சம் ஏத்தினாரு. கார்டு உப்பி நடுவுக்கு வந்துச்சு, அம்மாவ பேர் சொல்லச் சொன்னாரு, குரல் கேட்டுச்சு, நான் அழுதுட்டேன். மரத்துப்போனது தெளியற வரைக்கும் சில மணி நேரம் எதுவும் குடுக்கக்கூடாது.

இந்த ஜெல் சில மாசத்துல கரைஞ்சிடும், நரம்ப குணப்படுத்தாது, அது தேறற வரைக்கும் தாங்குது அவ்வளவுதான். ஸ்பீச் தெரபிஸ்ட் தாடைய நெஞ்சுப் பக்கமா இறக்கி, தலைய இடது பக்கம் திருப்பி சின்ன சின்ன மடக்கா குடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க, எந்த நிலை ஒத்துவருதுன்னு குடிக்கவச்சு பாத்துதான் முடிவு பண்ணாங்க. காய்ச்சல், குடிச்சதும் குரல் கரகரன்னு ஈரமா மாறுறது, இதெல்லாம் வந்தா உடனே வரச் சொல்லியிருக்காங்க.

ஒரு வருஷத்துலயும் அசையலன்னா தைரோபிளாஸ்டி, கழுத்துல சின்னதா கீறி சிலிகான் துண்டு வச்சு கார்ட நிரந்தரமா நடுவுக்கு தள்ளுவாங்க. அதையும் பெரும்பாலும் பேஷன்ட் முழிச்சிருக்கப்பவே பேச வச்சு குரலக் கேட்டுக்கிட்டே பண்றாங்க. ஸ்கோப் வீடியோவ வாங்கி போன்ல வச்சிருக்கேன், அடுத்த ஸ்கோப்புக்கு தம்பி கூட்டிட்டு போறப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கலாம்.