தாயில்லாக் குட்டி: புட்டிப்பாலா, வேறு ஆட்டின் மடியா?

எங்கள் பட்டியில் ஒரு செம்மறிக் குட்டி பிறந்த அன்றே தாயை இழந்தது. அதே நேரத்தில் இன்னொரு ஆடு இறந்த குட்டியை ஈன்றுகொண்டிருந்தது. நான் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஆட்டோடு சேர்த்தேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். மடியில் எந்நேரமும் பால் இருக்கும், குட்டி தானாகக் குடிக்கும், நமக்கு ராத்தூக்கம் கெடாது.

ஆனால் எல்லாம் வாசனையில்தான் இருக்கிறது. ஈன்ற சில மணி நேரத்துக்குள் ஆடு எந்தக் குட்டியை நக்குகிறதோ, அதன் வாசனையைத்தான் மனதில் பதித்துக்கொள்ளும். அப்புறம் வரும் குட்டியை முட்டித் தள்ளும். அதனால் ஆடு ஈனும்போதே வேலையை முடிக்க வேண்டும். வெளியேறும் பனிக்குட நீரை அள்ளி அநாதைக் குட்டியின் தலையிலும் வாலடியிலும் நன்றாகப் பூசி, ஆட்டின் மூக்கருகே வைக்கவேண்டும். ஏற்கெனவே ஓடியாடும் குட்டியானால் கால்களைச் சிறிது நேரம் தளர்வாகக் கட்டலாம். புதிதாகப் பிறந்ததுபோல் அது தடுமாறினால் ஆடு சந்தேகப்படாது. நேரம் தவறிவிட்டால், ஆட்டின் செத்த குட்டியின் தோலை உரித்து இரண்டு மூன்று நாள் போர்த்தும் வழி உண்டு. நான் அதிகம் செய்ததில்லை, ஆனால் கோடைச் சூட்டில் தோல் சீக்கிரம் அழுகும். வெள்ளாட்டில் எனக்குப் பழக்கம் குறைவு.

குடிக்கும் குட்டியின் வாலடியை ஆடு முகர்ந்துவிட்டுச் சும்மா நின்றால் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நம்பலாம்.

அப்படி ஆடு கிடைக்காதபோது புட்டிதான். முதலில் சீம்பால். நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவது ஒரு நாளில் நின்றுவிடும் என்பதால் முதல் ஆறு மணி நேரம் முக்கியம். நாலு கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி வீதம், முதல் நாளில் நாலு வேளை. துவண்டு, வாய் சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும். அந்த நிலையில் புட்டி கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பிறகு செம்மறிக்கான பால்பவுடர். செம்மறிப் பாலில் கொழுப்பு அதிகம், மாட்டுப்பால் அதற்கு ஈடாகாது. பையில் லிட்டருக்கு 200 கிராம் என்றிருந்தால், பவுடரோடு வெந்நீர் ஊற்றி மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கச் சொல்கிறதா, ஒரு லிட்டர் நீரில் கலக்கச் சொல்கிறதா என்று படித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல, பின்னது நீர்த்துப்போகும். முதல் வாரம் நாலு வேளை, வேளைக்கு 150 முதல் 200 மில்லி. அப்புறம் மூன்று வேளை. ஒரு வேளை தவறியதற்காக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுத்தால் வயிறு உப்பிச் சாகவும் கூடும்.

சேர்த்துவிட்ட குட்டிக்கு அடுத்த மூன்று நாள் தினமும் விலாவைத் தடவிப் பாருங்கள். குழி விழுந்து, முதுகைக் கூனி ஓரமாக நின்றால், ஆடு பால் தரவில்லை என்று அர்த்தம். அன்றே பிரித்துப் புட்டிக்கு மாற்றுங்கள்.