பால் பிஸ்கட்டா, கடலை மிட்டாயா?

மஞ்சக்குப்பம் கடைகளில் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எது?

சர்க்கரை: பிஸ்கட் கவரில் 100 கிராமுக்கு 25 கிராம் என்றிருந்தால், 20 கிராம் தின்றாலே 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்கு மேல். மிட்டாயில் வெல்லம் இன்னும் அதிகம்; வெல்லமும் சர்க்கரைதான்.

உப்பு: பிஸ்கட்டில்தான் கூடுதல். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பளவு.

சத்து: கடலையில் புரதம், நல்ல கொழுப்பு. பிஸ்கட் பெரும்பாலும் மைதா.

தொண்டை அடைப்பு: இங்கேதான் மிட்டாய் தோற்கிறது. கடைவாய்ப்பல் சரியாக வராத பிள்ளை முழுக்கடலையை அரைக்காது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். நான்கு வயதுவரை வேண்டாம். பிஸ்கட் எச்சிலில் கரையும், உட்கார வைத்துக் கொடுங்கள்.

பஸ் பயணத்துக்கு ஓரிரு பிஸ்கட் சரி. தினசரிக்கு, கடலை ஒத்துக்கொள்ளும் பிள்ளையென்றால், வறுத்து நைசாகப் பொடித்து மசித்த வாழைப்பழத்தில் கலந்து கொடுங்கள்.