ஒரே 400 ரூபாய், இரண்டு வாழ்க்கை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன் எடுத்து, மஞ்சக்குப்பம் பக்கம் உட்கார்ந்து விற்கும் இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் மீன் வாங்கிய காசு போக நாளுக்கு 400 ரூபாய் நிற்கிறது. ஒருத்திக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போயிருக்கிறது.

யார் எவ்வளவு நன்றாக வாழ்கிறார் என்பதை வருமானத்தால் அளந்தால் இருவரும் சமம். கால் ஊனமானவரின் ஆட்டோ செலவைக் கழித்துவிட்டால் கணக்கு சரியாகிவிடாதா என்று கேட்கலாம். பாதிதான் சரியாகும். ஊனம் இரண்டு இடத்தில் அடிக்கிறது என்கிறார் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்: சம்பாதிப்பதைக் குறைக்கிறது, சம்பாதித்ததை வாழ்க்கையாக மாற்றும் திறனையும் குறைக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உரிமை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் படி உயரமாக இருந்தால் ஒருத்தியால் ஏற முடியாது. "கூடையோட ஏறாதம்மா" என்று நடத்துநர் சொல்லிவிட்டால் இருவருக்குமே இல்லை. இந்தத் தடைகள் எதுவும் வருமானக் கணக்கில் விழாது.

சரி, அவர்களையே கேட்டால்? பயன்பாட்டுவாதம் என்ற தத்துவம் நல்வாழ்வை அளக்கப் பார்ப்பது மனநிறைவை. "எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்" என்று கால் ஊனமான பெண் சொல்லக்கூடும். அதை நம்பி விட்டுவிடலாமா? வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944-இல், கல்கத்தா அருகே சிங்கூரில் எடுத்த ஆய்வொன்றை சென் திரும்பத் திரும்பக் காட்டுவார். உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்று சொன்னவர்கள், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம், கணவனை இழந்த பெண்களில் 2.5 சதவீதம்தான். பெண்களின் நிலைதான் மோசம், ஆனால் குறை சொல்ல அவர்கள் பழகவில்லை. எனக்கு வருமான அளவுகோலைவிட இந்த மனநிறைவு அளவுகோல்தான் ஆபத்தானதாகப் படுகிறது. வருமானம் அரைகுறையாகக் காட்டும், இது தலைகீழாகவே காட்டிவிடும்.

1979-இல் சென் முன்வைத்த இயலுமை அணுகுமுறை கேட்பது வேறு: இவரால் என்ன செய்ய முடியும், எப்படி இருக்க முடியும்? சஷ்டிக்கு விரதம் இருப்பவர் வயிறும் அரிசி இல்லாதவர் வயிறும் ஒரேபோலக் காலிதான். சாப்பிடும் வாய்ப்பு முதலாமவருக்கு இருக்கிறது. நம் பெண்ணுக்கு இந்தக் கேள்வியைப் போட்டால் தீர்வும் மாறுகிறது: உதவித்தொகை மட்டும் போதாது, தாழ்தளப் பேருந்தும் கூடை வைக்க இடமும் வேண்டும்.

சிக்கல் அளப்பதில்தான். ஒருவர் செய்வது கண்ணுக்குத் தெரியும், செய்யக்கூடியது தெரியாது. நம் பெண் கடலூரைத் தாண்டிப் போகாதது விருப்பத்தாலா, வழியில்லாமலா? கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டும் ஒரே "இல்லை". 1990 முதல் ஐ.நா. வெளியிடும் மனித மேம்பாட்டுக் குறியீடும் ஆயுள், கல்வி, வருமானம் ஆகியவற்றின் சராசரியோடு நின்றுவிடுகிறது; மூன்றில் ஒரு பங்கு மறுபடியும் வருமானமே. அப்புறம், எந்த இயலுமைகள் முக்கியம்? தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் பத்து அடிப்படை இயலுமைகளைப் பட்டியல் போட்டார். சென் அப்படி நிலையான பட்டியல் போட மறுத்து, அந்தந்த மக்கள் பேசி முடிவெடுக்கட்டும் என்றார். எனக்கு சென் பக்கம்தான் சாய்வு, ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது: அந்தப் பேச்சு நடக்கும் கூட்டத்துக்கு அந்தப் பெண் எப்படி வந்து சேர்வாள்?