கடலில் மறிப்பதா, துறைமுகத்தில் பிடிப்பதா?

கரையிலிருந்து 80 கடல் மைல் தொலைவில் ஒரு கப்பல் எண்ணெய்க் கழிவைக் கொட்டிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதாவது 200 கடல் மைல் வரை கரையோர நாட்டுக்கு வள உரிமையுள்ள கடல்பகுதி. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 220ஆம் பிரிவுப்படி, மீறலுக்குத் தெளிவான ஆதாரம் இருந்தால் கரையோர நாடு கப்பலின் அடையாளம், பதிவுத் துறைமுகம், அடுத்து செல்லும் இடம் ஆகியவற்றைக் கேட்கலாம். கணிசமான மாசு இருந்து, பதிலும் சரியாக வராவிட்டால்தான் ஏறிச் சோதிக்கலாம். பெருஞ்சேதமோ அதற்கான அபாயமோ இருந்தால்தான் தடுத்துவைக்க முடியும். மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்கு அந்த வரம்பை எட்டுவது கடினம்.

அதே கப்பல் தானாகவே அந்நாட்டுத் துறைமுகத்துக்கு வந்தால் இந்த வரம்பு தேவையில்லை. நேரே வழக்குத் தொடரலாம். எண்ணெய்ப் பதிவேட்டைத் தொட்டி அளவுகளோடு ஒப்பிட்டு, கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பிரிப்பானுக்குப் பின்னுள்ள வெளியேற்றுக் குழாயைக் கழற்றிப் பார்ப்பார்கள். அந்தக் குழாய் வழியே போகும் நீரில் எண்ணெய் 15 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 15 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது. ஆனால் அங்கே கெட்டியான எண்ணெய் படிந்திருந்தால், பிரிப்பானைத் தவிர்த்துக் கொட்டியதாகச் சந்தேகிக்கலாம்.

வேறு நாட்டுத் துறைமுகம் என்றால் 218ஆம் பிரிவு. அந்தத் துறைமுக நாட்டின் கடலுக்கே மாசு நேராத வரை, பாதிக்கப்பட்ட நாடோ, கப்பல் பதிவான கொடி நாடோ கேட்டால்தான் அங்கே வழக்கு. ஆகவே கரையோர நாடு கோரிக்கையை, வான்வழிப் படங்களுடன், கப்பல் சேருமுன் அனுப்ப வேண்டும். வழக்குத் தொடங்கிய பிறகும் கொடி நாடு 6 மாதத்துக்குள் தானே வழக்கு எடுத்தால், பெருஞ்சேதம் போன்ற விதிவிலக்குகள் தவிர, துறைமுக நாட்டில் தொடுத்த வழக்கு நிறுத்திவைக்கப்படும்.