தேக்கடி ரிசார்ட்டில் 3,744 ரூபாய் போச்சு: ரூம் வரியைப் பார்த்துக் கட்டுங்கள்

நேற்று நடந்தது. கை நடுக்கம் இன்னும் போகவில்லை.

அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வந்தது. குமுளியில் எங்கள் வீடு சின்னது. அதனால் பக்கத்திலேயே ஒரு ரிசார்ட்டில் இரண்டு ரூம், இரண்டு இரவுக்குப் போட்டேன். போனில் பேசிய பையனுக்குக் கம்பம் பக்கம். "அண்ணே, நம்ம ஊர்க்காரங்க, 8,500 ரூபாய் ரூமை 7,200க்குத் தர்றேன், வரி தனி" என்றான். அந்த "நம்ம ஊர்" என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். வரி எத்தனை சதவீதம் என்று கேட்கக்கூட இல்லை.

காலி செய்யும்போது பில்லில் வாடகை 28,800, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5,184. கேட்டால், "எங்க போர்டு ரேட் 8,500, அதான் 18" என்றார் மேனேஜர்.

இது தவறு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 7,500 வரை இருந்தால் வரி 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால்தான் 18. போர்டில் எழுதிய விலைக்கு இங்கே வேலை இல்லை, நம்மிடம் உண்மையில் வாங்கும் வாடகைதான் கணக்கு. 7,200க்கு 5 சதவீதம் 360 ரூபாய். அவர்கள் போட்டது 1,296. ஒரு ரூமுக்கு ஓர் இரவில் 936 ரூபாய் கூடுதல். நான்கு முறைக்கு 3,744.

அக்கா குழந்தைகளோடு காரில் காத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு. கட்டிவிட்டேன். அப்புறம் போன் செய்தால் முதலில் "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது", பிறகு "அக்கவுண்ட்ஸ் கொச்சியில இருக்கு". மூன்றாவது முறை அந்தக் கம்பம் பையனே எடுத்து, "சார், நான் ரிசப்ஷன் மட்டும்தான்" என்று வைத்துவிட்டான். அண்ணே போய் சார் ஆகிவிட்டேன். 3,744 ரூபாய், எங்கள் வீட்டு மாதப் பால் காசுக்கும் மேலே.

கையில் கொடுத்த தாளும் 'எஸ்டிமேட்'தான். ஜிஎஸ்டி எண் இல்லை. கேரளப் பதிவு என்றால் அந்த எண் 32 என்று தொடங்கும்.

அவசரமாகச் சொல்கிறேன். ரூம் போடும்போதே வாடகையும் வரிச் சதவீதமும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். 7,500ஐ ஒட்டி வாடகை சொன்னால் உஷார்: 7,500 என்றால் வரியோடு 7,875, 7,600 என்றாலோ முழுத் தொகைக்கும் 18 விழுந்து 8,968. கூடுதல் கட்டில் காசும் வாடகையோடு சேர்ந்து இந்த எல்லையைத் தாண்ட வைக்கும். ஜிஎஸ்டி எண் உள்ள பில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன்.